ஒரே முதலாளி, ஆறு மாதம்

எங்கள் வீட்டில் எனக்கு வக்கீல் என்று பெயர். சட்டம் படித்தவள் இல்லை. படித்தது கட்டடப் பொறியியல், செய்வது ஹோட்டல் அறைகளில் படுக்கை விரிப்பு மாற்றுவது. ஆனால் விசா பற்றிய சந்தேகம் எதுவானாலும் என்னிடம்தான் வருவார்கள். மூன்று அறை, ஆறு பெண்கள், ஆறு பேருக்கும் ஒரே வகை விசா. இளம் வயதில் ஒரு வருடம் வந்து ஊர் சுற்றிப் பாருங்கள், கைச்செலவுக்கு அவ்வப்போது வேலையும் செய்துகொள்ளுங்கள் என்று கொடுக்கிறார்களே, அந்த விசா. ஆறு பேரில் ஒருத்திகூட ஊர் சுற்றிப் பார்க்க வரவில்லை.

அதன் விதிகள் எனக்குத் தலைகீழ்ப் பாடம். முதலில் கம்ப்யூட்டர் குலுக்கலில் பெயர் விழ வேண்டும். முப்பத்தொன்றாவது பிறந்த நாள் அன்று அல்ல, அதற்கு முந்தைய நாளுக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். இந்த ஒரு நாள் வித்தியாசத்தில் அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வருடம் தங்கலாம். ஒரே முதலாளியிடம் ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. நகரத்துக்கு வெளியே, அரசாங்கம் பட்டியல் போட்ட இடத்தில், பட்டியல் போட்ட வேலையை மூன்று மாதம் செய்துகாட்டினால் இன்னொரு வருடம் கேட்கலாம். அதற்கும் அதே வயது வரம்பு. நான் அப்படித்தான் மூன்று மாதம் முதுகு ஒடிய மிளகாய் பறித்து இரண்டாம் வருடத்தை வாங்கினேன். வாங்கி என்ன கிழித்தேன் என்று கேட்காதீர்கள். கட்டட அலுவலகங்களுக்கு நான் அனுப்பிய விண்ணப்பங்களை அடுக்கினால் அதுவே ஒரு மாடிக் கட்டடம் ஆகும். எல்லோரும் முதலில் கேட்டது ஒரே கேள்வி: உங்கள் விசா எப்போது முடிகிறது? பதில் சொன்னதும் நன்றி சொல்லிவிடுவார்கள். ஆறு மாதத்தில் போகப்போகிறவளுக்கு யார் உட்கார்ந்து வேலை கற்றுக்கொடுப்பார்கள்? அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் மாட்டேன்.

பால்காரி எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு முப்பது முடிந்து ஒரு மாதம். ஊரில் ஒரு பெரிய பால் பண்ணையின் ஆய்வகத்தில் ஏழு வருடம் வேலை பார்த்தவள். பாலில் கிருமி இருக்கிறதா, மாட்டுக்குப் போட்ட ஊசி மருந்து கலந்திருக்கிறதா என்று சோதித்துக் கையெழுத்துப் போடுகிற வேலை. வந்த முதல் நாளே வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்து, எல்லோருடைய பால் டப்பாவையும் மோந்து பார்த்து, இரண்டைக் கொட்டச் சொன்னாள். அன்றைக்கு விழுந்த பெயர் அது.

"எதுக்கு நல்ல வேலையை விட்டுட்டு வந்தே?" என்று கேட்டேன்.

"ஏழு வருஷமா அதே நாலு டெஸ்ட்டுக்கா. மேல போகணும்னா மேல இருக்கிறவர் ரிட்டயர் ஆகணும். அவருக்கு நாப்பத்தி ரெண்டு வயசு. கட்டுமஸ்தா இருக்காரு."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். ஆனால் அவள் கணக்கு தெளிவாக இருந்தது. இந்த ஒரு வருடத்துக்குள் எப்படியாவது ஓர் ஆய்வகத்துக்குள் நுழைய வேண்டும், வேலையைக் காட்ட வேண்டும், அவர்களே பொறுப்பேற்று எடுத்துத்தருகிற வேலை விசாவுக்கு மாறிவிட வேண்டும். ஊருக்குத் திரும்பினால் பழைய நாற்காலி காலியாக இருக்காது. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

முதல் இரண்டு மாதம் என்னோடு ஹோட்டலில் தள்ளுவண்டி தள்ளினாள். ஓர் அறைக்குப் பதினாறு நிமிடம். தலையணை உறையை மாட்டும்போதெல்லாம் அதில் எத்தனை வகைக் கிருமி இருக்கும் என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வருவாள். வாயை மூடுடீ, நானும் தலையணையில்தான் தூங்குகிறேன் என்பேன். மூன்றாம் மாதம் ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்று அவளை ஒரு பால் ஆய்வகத்துக்கு அனுப்பியது. பிரசவ விடுப்பில் போனவளுக்குப் பதிலாக, தற்காலிகமாக.

ஒருநாள் அவள் வீட்டுச் சாவியை மறந்துவிட்டுப் போக, கொடுப்பதற்காக அங்கே போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் கோட்டுடன் நின்றிருந்தாள். முன்னால் வட்ட வட்டமாகக் கண்ணாடித் தட்டுகள். ஒவ்வொன்றையும் விளக்கின் மேல் வைத்து, அதில் முளைத்திருந்த புள்ளிகளை இடது கையில் ஒரு சின்ன கருவியைச் சொடுக்கிச் சொடுக்கி எண்ணினாள். வெளியே ஒரு டேங்கர் லாரி நின்றுகொண்டிருந்தது. ஓட்டுநர் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்தார். அவள் நிமிரவே இல்லை. எண்ணி முடித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அந்த லாரி நகர்ந்தது. எங்கள் வீட்டில் பக்கெட்டுக்குச் சண்டை போடுகிறவள்தானா இவள் என்று இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், எனக்கு வயிறு எரிந்தது. நானும் ஒரு காலத்தில் கையெழுத்துப் போட்டால் கம்பி கட்டுவார்கள், கான்கிரீட் ஊற்றுவார்கள்.

அங்கே மேலாளர் ஐம்பது வயதுப் பெண். பால்காரியை அவருக்குப் பிடித்துப்போயிற்று. அங்கே ஆறாவது மாதம் முடியப்போகும்போது அவரே கூப்பிட்டு, "விடுப்பில் போனவள் திரும்பி வரவில்லை. நிரந்தர இடம் ஒன்று காலியாகிறது. உன்னை எடுக்கத் தலைமை அலுவலகத்தில் பேசுகிறேன்" என்று சொன்னார். ஆனால் அது வாய்ச்சொல்லில் ஆகிற காரியமில்லை. முதலில் தலைமை அலுவலகம் ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று காட்ட, நான்கு வாரம் விளம்பரம் போட வேண்டும். அப்புறம்தான் அவளுக்காக விண்ணப்பம். எப்படிப் பார்த்தாலும் மூன்று மாதம். அவளுடைய ஆறு மாதமோ அடுத்த வெள்ளிக்கிழமை முடிகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறையில் அவள் என் எதிரே உட்கார்ந்தாள். துவைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் வரிசையில் நின்றார்கள்.

"வக்கீலக்கா, ரெண்டு வழி இருக்கு. இப்பவே மிளகாப் பண்ணைக்குப் போனா மூணு மாசம் பறிச்சு முடிச்சிட்டு, பொறந்த நாளுக்கு ஒம்பது நாள் முன்னாடி ரெண்டாவது வருஷத்துக்கு போட்டுடலாம். உயிரைப் பிடிச்சிக்கிட்டு ஓடணும், ஆனா முடியும். இல்லன்னா லேப்லயே இருந்து அந்த வேலை விசா வர்ற வரைக்கும் பாக்கணும். மேடம் சொல்றாங்க, நடுவுல மூணு மாசம் இடம் காலியா கிடந்தா தலைமை ஆபீஸ் வேற யாரையாவது போட்டுடுமாம்."

நான் போனை எடுத்தேன். அரசாங்கத்தின் பக்கத்தைத் திறந்தேன். ஒரே முதலாளியிடம் ஆறு மாதம். முதலாளி மாறினால் புதிதாக ஆறு மாதம். இது எனக்குத் தெரிந்ததுதான்.

"உனக்கு சம்பளச் சீட்டு யார் பேர்ல வருது?"

"ஏஜென்சி பேர்ல."

"அப்ப உன் முதலாளி ஏஜென்சிதானேடீ! வேற ஏஜென்சி மூலமா அதே லேபுக்கு போ. முதலாளி மாறிடுச்சு. இன்னும் ஆறு மாசம் இருக்கு."

"அப்படி பண்ணலாமாக்கா?"

"கையில வெண்ணெய வெச்சிக்கிட்டு நெய்க்கு அலையாதே. நான் மிளகா பறிச்சேன், எனக்கு தெரியும். ரெண்டாவது வருஷம் வாங்கி என்ன செய்யப்போறே? மறுபடியும் தலகாணி உறை மாட்டுவியா?"

மற்ற நால்வரும் என்னை மெச்சிப் பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பக்கத்தின் அடியில் 'மேலும் படிக்க' என்று சிறிய எழுத்தில் ஒன்று இருந்தது. நான் அதைத் தொடவில்லை. துவைக்கும் இயந்திரம் நின்றுவிட்டது, என் துணியை எடுக்கச் சொல்லிக் கத்தினார்கள், எழுந்துவிட்டேன்.

மேலாளருக்கும் யோசனை பிடித்தது. வேறு ஏஜென்சிக்கு அவரே தொலைபேசியில் பேசினார். திங்கட்கிழமை அவள் அதே வாசலில் நுழைந்து, அதே கோட்டை மாட்டிக்கொண்டாள். கழுத்தில் தொங்கிய அட்டையின் நிறம் மட்டும் மாறியிருந்தது.

அந்த மூன்று மாதம் அவள் கால் தரையிலேயே இல்லை. அத்தனை பூரிப்பு. புதிதாக வந்த ஓர் உள்ளூர்ப் பையனுக்கு வேலை பழக்கிக் கொடுத்தாள். சோதனை முறை ஒன்றில் நேரத்தைக் குறைக்க அவள் சொன்ன மாற்றத்தை ஆய்வகமே ஏற்றுக்கொண்டது. விளம்பரம் போட்டார்கள், தகுதியான ஆள் வரவில்லை. தலைமை அலுவலகம் தலையாட்டியது. இதற்கிடையில் பிறந்த நாளும் வந்து போனது. முப்பத்தொன்று. பண்ணைக் கதவு மூடிவிட்டது என்று அவள் சொன்னபோது, மூடினால் என்ன, உனக்குத்தான் மாளிகைக் கதவே திறந்திருக்கிறதே என்றேன். அப்படிப் பேசியிருக்கிறேன் நான்.

விசா முடிய இரண்டு வாரம் இருக்கும்போது விண்ணப்பம் போனது. அதோடு இணைக்க மேலாளர் ஒரு சான்றுக் கடிதம் கொடுத்தார். அதை அவள் சமையலறையில் நின்றுகொண்டு எங்களுக்குப் படித்துக் காட்டினாள். 'இவர் எங்கள் ஆய்வகத்தில் ஒன்பது மாதங்கள் இடைவிடாமல் பணியாற்றியுள்ளார். ஒரு நாள்கூட விடுப்பு எடுத்ததில்லை. இப்படி ஓர் ஊழியரை என் இருபது வருட அனுபவத்தில் பார்த்ததில்லை.' கடைசி வரியை இரண்டு தரம் படித்தாள். நாங்கள் கைதட்டினோம். நான்தான் சொன்னேன், இதை முதல் பக்கமாக வை என்று.

விண்ணப்பம் முடிவாகும்வரை தங்கியிருக்க இடைக்கால அனுமதி கொடுத்தார்கள். பழைய விசாவின் கட்டுப்பாடுகள் அதிலும் ஒட்டிக்கொண்டே வந்தன. இரண்டாவது ஏஜென்சியின் மூன்று மாத ஒப்பந்தம் முடிந்திருந்ததால், பதில் வரட்டும் என்று மறுபடியும் என்னோடு, ஆறு மாத விதியால் நான் மாறியிருந்த வேறொரு ஹோட்டலில், தள்ளுவண்டிக்கு வந்தாள். கொஞ்ச நாள்தானே அக்கா என்றாள். கொஞ்ச நாள் இரண்டு மாதமானது.

பதில் வந்தபோது நான்காவது மாடியில் இருந்தோம். விரிப்பின் ஒரு முனை அவள் கையில், மறுமுனை என் கையில். அவள் போன் அதிர்ந்தது. விரிப்பை விட்டுவிட்டு எடுத்துப் படித்தாள். மறுபடி படித்தாள். என்னிடம் நீட்டினாள்.

நிராகரிப்பு இல்லை. அதற்கு முந்தைய படி. உங்கள் விண்ணப்பத்துக்குப் பாதகமான தகவல் கிடைத்துள்ளது, இருபத்தெட்டு நாளுக்குள் விளக்கம் தரலாம் என்றது கடிதம். என்ன தகவல்? 'உங்கள் முதலாளி அளித்த சான்றின்படி, நீங்கள் அதே நிறுவனத்தில் இடைவிடாமல் ஒன்பது மாதங்கள் பணியாற்றியுள்ளீர்கள். ஆள் அனுப்பும் ஏஜென்சி வழியாக வேலை செய்யும்போது, யாருடைய இடத்தில் வேலை நடக்கிறதோ அவரே முதலாளியாகக் கருதப்படுவார். ஆறு மாதத்துக்கு மேல் தொடர நீங்கள் முன் அனுமதி பெறவில்லை. முந்தைய விசாவின் நிபந்தனையை மீறியவருக்கு...'

நான் என் போனை எடுத்து அந்தப் பக்கத்துக்குப் போனேன். 'மேலும் படிக்க' என்பதைத் தொட்டேன். நான்கு வரி விரிந்தது. மூன்றாவது வரி இதேதான், எழுத்துக்கு எழுத்து. எங்கோ ஒளித்து வைத்திருந்த விதி இல்லை. ஒரு விரல் தொட்டால் தெரிந்திருக்கும்.

"அனுமதி கேட்டிருக்கலாமா அக்கா?" என்று கேட்டாள்.

"கேட்டிருக்கலாம். பெரும்பாலும் தர மாட்டாங்க. ஆனா தரலன்னா நீ பண்ணைக்கு போயிருப்பே."

 கீழே விழுந்த விரிப்பை எடுத்து உதறினாள். இருவருமாக அந்தக் கட்டிலை முடித்தோம். இன்னும் பதினொரு அறை இருந்தது. அத்தனையும் முடித்தோம். என்னைத் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் மத்தியானம் மேலாளர் எங்களை ஆய்வகத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் பார்த்தார். உள்ளே பேச அவருக்குப் பயம். கண் சிவந்திருந்தது.

"நல்லது செய்வதாக நினைத்துத்தான் எழுதினேன்" என்றார். "வேறு கடிதம் தருகிறேன். ஆறு மாதம் என்பதைத் தவறாக ஒன்பது என எழுதிவிட்டேன் என்று சொல்கிறேன். வருகைப் பதிவேடு என்னிடம்தான் இருக்கிறது."

பால்காரி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. இவ்வளவு நடந்த பிறகும் நான் என்ன சொல்வேன் என்றுதான் பார்த்தாள்.

இந்த முறை நான் எல்லாவற்றையும் படித்துவிட்டு வந்திருந்தேன். வீட்டில் ஒரு வரி விடாமல், எல்லா 'மேலும் படிக்க'வையும் திறந்து பார்த்துப் படித்திருந்தேன். "பொய்ப் பத்திரம் குடுத்தா மூணு வருஷம் எந்த விசாவும் கிடைக்காது. ரெண்டு ஏஜென்சியோட சம்பளச் சீட்டும் வரி ஆபீஸ்ல இருக்கு. மேடத்துக்கும் வேலை போயிடும். வேண்டாம்."

"அப்ப உண்மையைச் சொல்லி விளக்கம் எழுதினா?"

"எழுதலாம். தெரியாம நடந்த தப்புன்னு ஒத்துக்குவாங்களான்னு தெரியாது. நிராகரிச்சா அது பேர்ல நிக்கும். அடுத்து எந்த நாட்டுக்கு விண்ணப்பம் போட்டாலும் 'எப்பவாவது மறுத்திருக்காங்களா'ன்னு கேட்பாங்க, ஆமான்னு எழுதணும். விண்ணப்பத்தை நீயே வாபஸ் வாங்கிட்டா முப்பத்தஞ்சு நாள் தருவாங்க. அதுக்குள்ள கிளம்பிடலாம்."

மேலாளர் எங்கள் மொழி புரியாமல் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பால்காரி அவரிடம் திரும்பி, அந்த நிரந்தர இடம் இனி யாருக்கு என்று கேட்டாள். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, அவள் பழக்கிக் கொடுத்த பையனுக்கு என்றார். "நல்லா செய்வான், தட்டை மட்டும் ரெண்டு தரம் எண்ணச் சொல்லுங்க" என்றாள். அப்போதுதான் மேலாளர் அழுதார்.

வாபஸ் வாங்கினாள். முப்பத்தைந்து நாளில் இருபத்தொன்றை வேலை செய்தே கழித்தாள். எங்கேயாவது சுற்றிப் பார்த்துவிட்டாவது போயேன் என்றேன். கடல் பக்கத்தில்தான் இருக்கிறது, பதினாலு மாதத்தில் ஒரு தரம்கூடப் போகவில்லை. "யாருக்கு அக்கா மனசு வரும்?" என்றாள். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "இது உங்க தப்பு இல்லக்கா. நான் கேட்டதுக்கு நீங்க நல்ல மனசோடதான் சொன்னீங்க" என்றாள். விளக்கக் கடிதம் எழுதவில்லை என்றாலும், வாபஸ் படிவத்தில் காரணம் எழுத ஓர் இடம் இருந்தது. 'விதியை நானாகத் தவறாகப் புரிந்துகொண்டேன்' என்று எழுதியிருந்தாள். என் பெயர் எங்கேயும் இல்லை. அவள் போன பிறகு வீட்டில் யாரும் என்னை வக்கீல் என்று கூப்பிடவில்லை. நானும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டாள். அப்போது எனக்கே பத்தொன்பது நாள்தான் மிச்சம். பெட்டி திறந்து கிடந்தது.

"வேலை கிடைச்சிருச்சுக்கா. பழைய பால் பண்ணைதான்."

"அட, சந்தோஷம்டீ!"

"முதல்ல இருந்த இடம் இல்ல. அதுக்கு ரெண்டு படி கீழ. இன்டர்வியூல ஒரு வருஷம் என்ன செஞ்சீங்கன்னு கேட்டாங்க. லேப்ல இருந்தேன்னேன். பெர்மனன்ட்டான்னாங்க. இல்ல, ஏஜென்சி, டெம்பரரின்னேன். அப்ப அது கணக்குல வராதுன்னுட்டாங்க. எனக்குக் கீழ இருந்த பொண்ணு இப்ப மேல இருக்கா. அவகிட்டதான் கையெழுத்து வாங்கணும். நல்ல பொண்ணுதான். 'அக்கா'ன்னுதான் கூப்பிடறா, அதான் இன்னும் கஷ்டமா இருக்கு."

 எனக்காகக் காத்திருப்பது அதுகூட இல்லை. இரண்டு வருடமாக ஒரு வரைபடம் போடாதவளை எந்த அலுவலகம் எடுக்கும்?

"இப்ப எதுக்கு கூப்பிட்டேன்னா, தங்கச்சிக்கு குலுக்கல்ல விழுந்திருச்சு" என்றாள். "இருபத்தி நாலு வயசுதான் ஆகுது. இங்க கம்பெனியில இப்பதான் நல்ல பேர் எடுத்திருக்கா. அதை விட்டுட்டு போறேன்னு ஒத்தைக் கால்ல நிக்கிறா. நான் சொன்னா, 'நீ கோட்டை விட்டுட்டே, அதனால பயப்படறே'ங்கறா. நீங்க கொஞ்சம் சொல்லுங்கக்கா."

தங்கை போனை வாங்கினாள். குரலில் அப்படி ஒரு துள்ளல். பால்காரி வந்த முதல் வாரத்தில் இருந்த அதே துள்ளல். நான் உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஒரு வருடம் ஜாலியாக இருந்துவிட்டு வருவதாக இருந்தால் வா, அந்த விசா அதற்குத்தான், கடலைப் பார், மலையைப் பார். அதை வைத்து வேலையில் மேலே ஏறலாம் என்று மட்டும் நினைக்காதே. இப்போது இருக்கிற வேலையில் விடுப்பு தருவார்களா என்று கேட்டுவிட்டு முடிவெடு. ராஜினாமா எழுதாதே. ஆறு மாதம் என்றால் ஆறு மாதம்தான், யார் என்ன வழி சொன்னாலும் கேட்காதே.

"ஐயோ அக்கா, நான் எல்லாத்தையும் படிச்சிட்டேன்" என்று சிரித்தாள். "அஞ்சாவது மாசமே வேற கம்பெனிக்கு மாறிடுவேன். அங்க ஸ்பான்சர் கேட்பேன். எங்கக்கா கொஞ்சம் அப்பாவி, யார் சொன்னாலும் நம்பிடுவா. நான் அப்படி இல்ல. ராஜினாமா நேத்தே குடுத்துட்டேன்க்கா, வீட்டுல சொல்லிடாதீங்க."

 அக்காவிடம் கொடு என்றேன்.

"சொன்னீங்களா?" என்றாள் பால்காரி.

"சொன்னேன். கேக்க மாட்டேங்கறா."

 பிறகு, இத்தனை மாதத்தில் ஒரு தரம்கூடச் சொல்லாததைச் சொன்னாள். கோபமாகக்கூட இல்லை.

"நான் கேட்டேனேக்கா" என்றாள்.